மாலேக்குப் போன வெங்காயம்: படை, தடை, சரக்கு என மூன்று வழிகள்

எங்கள் மைனி திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பின்புறத் தெருவில் இருக்கிறார். மாடியில் இரண்டு அறை போட்டு, சிகிச்சைக்கு வரும் மாலத்தீவுக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார். பாறசாலையில் இருக்கும் நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் மாடியில் திவேஹி மொழிப் பேச்சு கேட்கும். மாலேயிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். எங்களுக்கு மதுரை போகிற நேரம்கூட அவர்களுக்கு ஆகாது.

2024 ஜனவரியில் மைனி போன் செய்தார். "டிவியில என்னவெல்லாமோ சொல்லுதாவ தம்பி. இனி அவிய இங்க வரமாட்டாவளா? மேல இருக்க பொம்பள அழுதிட்டு இருக்கா. பையனுக்கு இன்னும் ரெண்டு மாசம் மருந்து பாக்கி இருக்கு." அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு நடந்தவற்றைத் தொடர்ந்து படித்துவந்தேன். ஒரு பெரிய நாடு, தன்னை விட்டு விலகும் சின்ன அண்டை நாட்டிடம் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விக்கு அந்த ஆண்டைப் போல் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

முதலில் நிலவரம். 2023 செப்டம்பர் 30 அன்று முகமது முய்சு மாலத்தீவு அதிபர் தேர்தலில் வென்றார். 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கம் அவர் பிரசாரத்தின் முக்கியப் பகுதி. இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்க அங்கே எண்பது பேரளவில் இந்தியப் படையினர் இருந்தார்கள். தொலைதூரத் தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிவருவதுதான் அவற்றின் பெரும்பாலான வேலை. அவர்கள் போக வேண்டும் என்றார் முய்சு. முதலில் துருக்கிக்குப் போனார், ஜனவரியில் சீனாவுக்குப் போனார். அதே ஜனவரியில் இந்தியப் பிரதமரின் லட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் சமூக ஊடகத்தில் இழிவாக எழுதினார்கள். அவர்களை அந்த அரசே பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது. இங்கே மக்கள் பயணச் சீட்டுகளை ரத்து செய்யத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில் தில்லி எடுக்கக்கூடிய வழிகள் என்று மூன்றைச் சொல்லலாம். படையினரை விலக்க மறுத்து உறுதிகாட்டுவது ஒன்று. சரக்கையும் கடனையும் நிறுத்தி நெருக்குவது இரண்டு. சரக்கைத் தடையில்லாமல் அனுப்பிக்கொண்டு காத்திருப்பது மூன்று. இந்த மூன்றுக்குமே முன்மாதிரி நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஜோசப் நை என்ற அமெரிக்க அறிஞர் 1990இல் மென்சக்தி என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது சொன்ன பிரிவு எளிமையானது. அடுத்தவரை நம் விருப்பப்படி நடக்கவைக்க மிரட்டலாம், காசு கொடுக்கலாம், அல்லது அவரே விரும்பி வருமாறு ஈர்க்கலாம். மிரட்டலும் காசும் வன்சக்தி, ஈர்ப்பு மென்சக்தி. இதில் எனக்குப் பிடிபட நாளான விஷயம், பொருளாதாரம் இரண்டு பக்கமும் நிற்கும் என்பது. ஒரே வெங்காய மூட்டையை அனுப்பாமல் நிறுத்தினால் அது வன்சக்தி. மற்ற எல்லாருக்கும் நிறுத்திவிட்டு ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அது வேறு ஒன்றாகிவிடுகிறது. 2024இன் கதை முழுக்க இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

படையின் வழியிலிருந்து தொடங்குகிறேன். மாலத்தீவிலேயே அது ஒருமுறை அபாரமாக வேலை செய்தது. 1988 நவம்பர் 3 அன்று அப்துல்லா லுத்தூஃபி என்ற வணிகர் இலங்கையைச் சேர்ந்த பிளாட் இயக்கத்தின் ஆயுததாரிகள் எண்பது பேர் அளவில் துணைக்கு வைத்துக்கொண்டு மாலேயைப் பிடிக்க முயன்றார். அதிபர் கயூம் ஒளிந்திருந்து உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்திய வான்குடைப் படை ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கியது. சில மணி நேரத்தில் மாலே மீண்டது. பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களைக் கடற்படை துரத்திப் பிடித்தது. வந்த படையில் பெரும்பகுதி சில நாட்களில் திரும்பிவிட்டது.

அது ஏன் வென்றது என்று பார்க்க வேண்டும். அழைத்தது அங்குள்ள அரசு, செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, முடிந்ததும் கிளம்பினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1987 ஜூலையில், இலங்கைக்குப் போன அமைதிப்படையும் ஒப்பந்தத்தின் பேரில் அழைக்கப்பட்டுத்தான் போனது. ஆனால் அங்கே வேலை இன்னதென்று யாரும் வரையறுக்க முடியவில்லை. காக்கப் போன மக்களோடும், அவர்களின் இயக்கத்தோடும், கடைசியில் அழைத்த அரசோடுமே பகை வந்தது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. ஈழத்தில் இறந்தவர்களின் கணக்கு இதைவிடப் பெரிது. தமிழ் வாசகருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த அளவுகோலில் 2024ஐ வைத்துப் பார்த்தால் முதல் வழி அப்போதே அடைபட்டுவிட்டது. அழைத்த அரசே போகச் சொல்கிறது. எண்பது பேரை வைத்துக்கொண்டு எதையும் காக்க முடியாது. ஆனால் அவர்கள் தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும் மாலேயில் ஒரு கூட்டத்துக்குப் பேசுபொருள் கிடைக்கும். இந்தியா எடுத்த முடிவு எனக்குச் சரியாகப் பட்டது. படையினரை மூன்று கட்டமாக 2024 மே 10க்குள் திரும்ப அழைத்துவிட்டு, அதே விமானங்களை இயக்க இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் சிவில் ஊழியர்களை அனுப்பினார்கள். முழக்கம் கேட்டது சீருடைக்கு எதிராக. சீருடை போனது, நோயாளிகளை ஏற்றும் சேவை தொடர்ந்தது.

இரண்டாவது வழி நெருக்குதல். தொலைக்காட்சி விவாதங்களில் அன்று உரக்கக் கேட்டது இதுதான். "சோறு நம்மகிட்ட இருந்து போகுது, நிறுத்தினா தெரியும்" என்று எங்கள் தெருவிலும் சொன்னார்கள். அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 நேபாளத்தைப் பார்த்தால் போதும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 25இல் நேபாளத்தில் பெரிய நிலநடுக்கம். இந்திய மீட்புப் படைதான் முதலில் போய்ச் சேர்ந்தது. அந்த நன்றி ஐந்து மாதம்தான் நிலைத்தது. செப்டம்பர் 20இல் நேபாளம் புதிய அரசியல் சட்டத்தை அறிவித்தது. தராய் சமவெளியில் வாழும் மதேசி மக்கள் தங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகப் போராடினார்கள். அவர்களின் மனக்குறை நியாயமானது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. ரக்சௌல் – பீர்கஞ்ச் எல்லையில் லாரிகள் நின்றன. அந்தப் பக்கம் பாதுகாப்பு இல்லாததால் ஓட்டுநர்கள் போகவில்லை, தடை எதுவும் இல்லை என்றது இந்தியா. அறிவிக்கப்படாத முற்றுகை என்றது நேபாளம். எது எப்படியோ, பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, மருந்து எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகவே பெரும்பாலும் போய்க்கொண்டிருந்தன. ஏறத்தாழ ஐந்து மாதம், நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் தகரக் கொட்டகையில் கிடந்த குளிர்காலத்தில், அது திணறியது.

எல்லையில் வாழ்கிறவனாக இதை என்னால் கொஞ்சம் உணர முடிகிறது. 2020 ஊரடங்கில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிறு சாலைகள் அடைபட்டன. என் அத்தை வீடு நடந்து போகிற தூரம். அவருக்கு மாத்திரை கொண்டுபோக நான் காவலரிடம் அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்போது அந்த அடைப்பால் தவித்தவர்கள் எல்லாம் இரண்டு பக்கமும் சொந்தம் உள்ளவர்கள்தான். தூரத்தில் இருந்து முடிவு எடுத்தவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. பீர்கஞ்சிலும் அதேதான் நடந்தது. எந்த மதேசிகளுக்காக நெருக்குதல் என்று சொல்லப்பட்டதோ, எல்லையோரத்தில் வாழ்ந்து முதலில் தொழில் இழந்தவர்கள் அவர்களே.

பலன் என்ன? 2016 ஜனவரியில் அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது, மதேசிக் கட்சிகள் அது போதாது என்றன. அதே ஆண்டு மார்ச்சில் நேபாளப் பிரதமர் ஒலி பெய்ஜிங் போய், சீனா வழியே சரக்குப் போக்குவரத்துக்கு ஒப்பந்தம் போட்டார். சீனத் துறைமுகங்கள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, இமயமலைக்கு அப்பால் இருக்கின்றன. கொல்கத்தா ஆயிரம் கிலோமீட்டருக்குள். ஆகவே சரக்கு இன்றும் பெரும்பாலும் இந்தியா வழியேதான் வருகிறது. ஆனால் 2017 தேர்தலில் ஒலி இந்தியாவுக்குப் பணியாதவர் என்ற பெயரோடு நின்று பெருவெற்றி பெற்றார். நெருக்குதல் தோற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை என்று நினைக்கிறேன்: நெருக்கப்படுகிறவர் அதைச் சொல்லியே ஓட்டு வாங்கத் தொடங்கிவிடுவார்.

மாலத்தீவில் இந்த வழியின் ஒரு சிறு வடிவம் நடத்திப் பார்க்கப்பட்டது. அரசு செய்யவில்லை, மக்கள் செய்தார்கள். 2023இல் அங்கே போன இந்தியச் சுற்றுலாப் பயணிகள் சுமார் 2 லட்சத்து 9 ஆயிரம், எந்த நாட்டவரையும்விட அதிகம். 2024இல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. மாலேயிலிருந்து சுற்றுலாத் துறையினர் இந்திய நகரங்களுக்கு வந்து அழைப்பு விடுத்தார்கள், ஆகவே உறைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சீனர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள், அந்த ஆண்டின் மொத்த வருகை 20 லட்சத்தைத் தாண்டியது. காலி அறைகளை வேறு யாரோ நிரப்பினார்கள்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இங்கேதான் விவரம் அதிகம், கவனிக்க வேண்டியதும் அதிகம்.

1981இல் இந்தியாவும் மாலத்தீவும் ஒரு வணிக ஒப்பந்தம் போட்டன. அதன்படி ஆண்டுதோறும் இன்ன பொருள் இன்ன அளவு வரை அங்கே ஏற்றுமதி செய்யலாம் என்று இந்தியா அனுமதிக்கும். இது தானம் கிடையாது. அவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். இதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் விலை ஏறும்போது அரசு ஏற்றுமதியை நிறுத்தும். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்தது, டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை வந்தது, சர்க்கரைக்கும் கோதுமை மாவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. இந்தத் தடை எதுவும் அந்த அளவுக்குள் போகும் மாலத்தீவுச் சரக்கைத் தொடாது.

2024 ஏப்ரல் தொடக்கத்தில், உறவு மிகக் கசந்திருந்த நேரத்தில், இந்தியா அடுத்த நிதியாண்டுக்கான அளவை அறிவித்தது. அரிசி 1,24,218 டன். வெங்காயம் 35,749 டன். முட்டை 42 கோடியே 75 லட்சம். ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். ஒப்பந்தம் தொடங்கிய 1981க்குப் பிறகு இதுவே அதிகபட்ச அளவு.

இந்தக் கணக்கை ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மாலத்தீவில் வாழ்பவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளரையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அரிசியை வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 240 கிலோ வருகிறது. முட்டை தலைக்கு 830. சுற்றுலாப் பயணிகளின் சாப்பாட்டையும் சேர்த்தாலும் எந்தக் குடும்பமும் இவ்வளவு தின்னாது. ஆகவே இந்த எண்கள் தேவையின் அளவு அல்ல, உச்ச வரம்பு. "எவ்வளவு வேண்டுமோ வாங்கிக்கொள்ளுங்கள், வேறெங்கும் தேட வேண்டாம்" என்பதே அதன் பொருள். இந்தியாவுக்கு ஆகும் செலவு? நம் ஆண்டு அரிசி விளைச்சல் 13 கோடி டன்னுக்கு மேல். அதில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கொடுக்கிறவருக்கு ஒரு துளி, வாங்குகிறவருக்கு முழுக் குடமும் அதுதான்.

மணலும் ஜல்லியும் அந்தப் பட்டியலில் இருப்பதை எங்கள் ஊர்க்காரர் யாரும் உடனே புரிந்துகொள்வார்கள். களியக்காவிளைச் சாவடி வழியே கேரளத்துக்கு ஜல்லி லாரி போவதும், அது ஒரு வாரம் நின்றால் இங்கே கட்டட வேலை நின்றுபோவதும் நாங்கள் பார்த்துப் பழகியது. பவளத்திட்டுகளால் ஆன தீவுக்குக் கருங்கல்லும் கிடையாது, ஆறும் கிடையாது. வீடு கட்டுவதாக வாக்குறுதி தந்து ஜெயித்த அரசுக்கு ஜல்லி என்பது அரிசிக்கு நிகர்.

இது உடனே பலன் தந்ததா என்றால், இல்லை. அறிவிப்பு வந்த இரண்டு வாரத்தில், ஏப்ரல் 21 அன்று, நாடாளுமன்றத் தேர்தலில் முய்சுவின் கட்சி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களைப் பிடித்தது. வெங்காயத்துக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. திருப்பம் வேறு இடத்திலிருந்து வந்தது. அந்த நாட்டில் டாலர் வற்றியது. ஆகஸ்டில் ஃபிட்ச் நிறுவனம் அதன் கடன் தரத்தைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்குக் குறைத்தது. அக்டோபரில் இஸ்லாமியக் கடன் பத்திரத்துக்குக் கட்ட வேண்டிய தவணை சுமார் 2.5 கோடி டாலர். அதைக்கூடக் கட்டுவார்களா என்று சந்தை சந்தேகப்பட்டது. மே மாதமும் செப்டம்பரிலும் ஸ்டேட் வங்கி வழியாக இந்தியா தலா 5 கோடி டாலர் கருவூலப் பத்திரக் கடனை மேலும் ஓராண்டுக்கு நீட்டித்தது. அக்டோபர் தொடக்கத்தில் முய்சு தில்லி வந்தார். 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்ற வசதியாகக் கிடைத்தன. 2025 ஜூலையில் மாலத்தீவின் 60ஆவது சுதந்திர தின விழாவுக்கு இந்தியப் பிரதமர் சிறப்பு விருந்தினராகப் போனார்.

அப்படியென்றால் அவரைத் திருப்பியது மென்சக்தியா, காசா? நேர்மையாகச் சொன்னால் காசு. ஆனால் அந்தக் காசை அவர் இந்தியாவிடம் வந்து கேட்க முடிந்தது ஏன் என்பதையும் பார்க்க வேண்டும். ஜனவரியில் அரிசியை நிறுத்தியிருந்தால், அக்டோபரில் தில்லி வருவது அவருக்குத் தோல்வியாகியிருக்கும், ஒலியைப் போல வேறு பக்கம் திரும்புவதே அரசியல் லாபமாகியிருக்கும். நிறுத்தாததால் திரும்பிவரும் வழியில் அவமானம் இல்லை. மூன்றாவது வழி செய்தது இவ்வளவுதான், ஆனால் அதைச் செய்ய மற்ற இரண்டு வழிகளாலும் முடியாது.

இங்கே பண்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்சக்தி என்றதும் பலரும் சினிமா, யோகா என்று தொடங்கிவிடுகிறார்கள். மாலத்தீவில் இந்திப் படம் பார்க்காத வீடு குறைவு. மைனியின் மாடிக்கு வருபவர்கள் பாட்டு முழுதும் மனப்பாடமாகப் பாடுவார்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன ஆசிரியர்கள் அங்கே பல தலைமுறைக்குப் பாடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 2022 ஜூன் 21 அன்று மாலே மைதானத்தில் இந்தியப் பண்பாட்டு மையம் பங்கேற்று நடத்திய யோகா தின நிகழ்ச்சிக்குள் ஒரு கூட்டம் புகுந்து கலைத்தது. அது தங்கள் மதத்துக்கு எதிரானது என்றார்கள். வீட்டுக்குள் அவர்களாகத் தேடிப் பார்க்கும் படம் யாரையும் உறுத்தவில்லை. அரசின் பெயரோடு மைதானத்துக்கு வந்த நிகழ்ச்சி உறுத்தியது. பண்பாட்டை அரசு எடுத்து நீட்டும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. இந்த நோக்கில் மைனியின் மாடி அறை எந்த விழாவையும்விட நெடுநாள் நிற்கும் என்பது என் எண்ணம். முய்சு அரசு 2024 ஜனவரியில் மருத்துவக் காப்பீட்டைத் தாய்லாந்து, அமீரக மருத்துவமனைகளுக்கும் விரிக்கப் போவதாக அறிவித்தது. ஆனாலும் தெரிந்த டாக்டரும், மொழி தெரிந்த வீட்டுக்காரியும், ஒன்றரை மணி நேரப் பயணமும் இங்கேதான் இருக்கின்றன.

மூன்றாவது வழியையே நான் தேர்வேன், ஆனால் அதற்கு எல்லை உண்டு. சீனாவோடான தடையற்ற வணிக ஒப்பந்தத்தை மாலத்தீவு 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரிசி அதைத் தடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சீன ஆய்வுக் கப்பல் ஒன்று மாலேயில் நின்றது, அதையும் தடுக்கவில்லை. நாளை ஒரு வெளிநாட்டுப் படைத்தளம் அங்கே வருமென்றால் முட்டைக் கணக்கைக் காட்டி நிறுத்த முடியாது.

அதற்கு வன்சக்தி வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதற்கான விடையும் அந்த ஆண்டிலேயே இருக்கிறது. கடைசி இந்திய வீரர் மாலத்தீவிலிருந்து கிளம்பும் முன்பே, 2024 மார்ச் 6 அன்று, மினிக்காய்த் தீவில் ஐஎன்எஸ் ஜடாயு என்ற கடற்படைத் தளம் முறைப்படி தொடங்கியது. மினிக்காய் நம் லட்சத்தீவின் தென்கோடி. மாலத்தீவின் வடகோடித் தீவு அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மினிக்காய் மக்கள் பேசும் மஹல் திவேஹியின் ஒரு கிளை. தன் மண்ணில் நிற்கும் தளத்தை வெளியேறச் சொல்லி யாரும் ஊர்வலம் போக முடியாது.

மைனியின் மாடியில் இருந்த பையன் மருந்து முடித்துவிட்டு அந்த ஏப்ரலில் ஊர் திரும்பினான். இப்போது அங்கே அவன் பெரியம்மா இருக்கிறார், மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு.